நடுநிலையா, நழுவலா?

எங்கள் கந்தோர்களிலே ஒரு வகைக் கடதாசி உண்டு. பூட்டிய அறையிலே பிறந்து, பூட்டிய அலுமாரியிலே புதைந்து, எவர் கண்ணிலும் படாமல் மக்கிப் போவது அதன் விதி. உள்ளக விசாரணை அறிக்கை என்பது அதன் பெயர். வேலைத்தலத்திலே தனக்கு மேலுள்ள ஒருவரால் தொல்லைக்கு ஆளான பெண்ணொருத்தி, நாட்கணக்கில் நெஞ்சோடு போராடி, ஈற்றில் துணிந்து ஒரு முறைப்பாட்டை எழுதிக் கொடுக்கின்றாள். மேலிடம் மூவரை நியமிக்கின்றது. மூவரும் கூடி, தேநீர் அருந்தி, இரண்டு பக்கங்களில் அறிக்கை வரைகின்றனர். அதன் இறுதி வரிகள் என்றும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை: இரு தரப்பாரும் தத்தம் நிலைப்பாட்டைக் கூறினர், நேரிற் கண்ட சாட்சி எவருமில்லை, இருவரும் இணக்கமாகப் பணியாற்றுமாறு அறிவுறுத்தப்பட்டனர், நிருவாக நலன் கருதி முறைப்பாட்டாளர் வேறிடத்துக்கு மாற்றப்படுகின்றார்.

இதற்கு அவர்கள் சூட்டும் பெயர் நடுநிலை. நாம் கேட்கின்றோம்: இது நடுநிலையா, நழுவலா?

நடுநிலை வேண்டாம் என்பார் பக்கத்தில் நாம் இல்லை. முறைப்பாடு வந்த மறுகணமே ஒருவனைக் குற்றவாளி என்று கூவுவதும் அநீதியே. விசாரணை அறிக்கை நடுநிலையோடு எழுதப்படல் வேண்டும் என்பதில் எமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆயின் நடுநிலை என்னும் சொல்லின் பொருள் திருடப்பட்டுவிட்டது என்பதே எமது குற்றச்சாட்டு.

தராசின் முள்ளை எமது கமக்காரர் அறிவர். வெறுந் தட்டுகள் இரண்டும் தொங்கும்போது முள் நடுவே நிற்பது தராசின் நேர்மை. ஒரு தட்டிலே நெல் மூடையை ஏற்றிய பின்பும் அந்த முள் அசையாது நடுவே நிற்குமாயின், அந்தத் தராசு பழுது. நெல்லைக் கொள்வனவு நிலையத்துக்கு ஏற்றிச் செல்லும் கமக்காரனிடம், ‘உன் நெல் ஈரம், எடுக்க முடியாது’ என்று வாய்ச்சொல்லாற் கூறித் திருப்பி அனுப்பினால் அவன் சும்மா வருவானா? ஈரமானியை வைத்துக் காட்டு, நூற்றுக்குப் பதினான்குக்கு மேல் எவ்வளவு என்று சொல், அதைத் துண்டில் எழுதித் தா என்று கேட்பான். அளவையைக் காட்டாத முடிவை ஒரு மூடை நெல்லுக்கே ஏற்க மறுக்கும் மக்கள், ஒரு மகளின் மானத்துக்கும் ஒரு மனிதனின் பிழைப்புக்கும் மட்டும் அளவையில்லா முடிவை ஏற்பது எங்ஙனம்?

அளவையைக் காட்டாத முடிவு எத்தனை உயர்ந்த பீடத்திலிருந்து வந்தாலும் ஐயத்தைத் தீர்க்காது என்பதற்கு அயல்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று போதும். இந்திய உச்ச நீதிமன்றம், 1997ஆம் ஆண்டு விசாகா வழக்கிலே, வேலைத்தலப் பாலியல் தொல்லை பற்றிய முறைப்பாடுகளை எங்ஙனம் விசாரித்தல் வேண்டும் என்று நாட்டுக்கே நெறி வகுத்தது. அதன் வழியில் 2013இல் இந்தியப் பாராளுமன்றம் சட்டம் செய்தது. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் இடமெங்கும் உட்குழு அமைத்தல் வேண்டும். பெண்ணொருவர் தலைமை வகித்தல் வேண்டும். உறுப்பினரிற் பாதிப்பேராயினும் பெண்களாதல் வேண்டும். வெளியார் ஒருவர் இருத்தல் வேண்டும். விசாரணை 90 நாட்களுள் முடிதல் வேண்டும். முடிந்து 10 நாட்களுள் அறிக்கை நிருவாகத்தின் கையிற் சேர்வதோடு இரு தரப்பாருக்கும் கிடைத்தல் வேண்டும் என்பன அச்சட்டத்தின் விதிகள்.

அத்தகைய நெறியை ஊருக்கு உரைத்த அதே மன்றத்தின் வாசலுக்கு 2019 ஏப்ரிலில் ஒரு முறைப்பாடு வந்தது. அங்கு இளநிலை உதவியாளராகப் பணியாற்றி, 2018 திசெம்பரில் பணிநீக்கம் செய்யப்பட்ட பெண்ணொருவர், அன்றைய பிரதம நீதியரசர் ரஞ்சன் கோகோய் மீது பாலியல் தொல்லைக் குற்றஞ்சாட்டி, சத்தியக் கடதாசியை நீதியரசர்கள் 22 பேருக்கு அனுப்பினார். நீதியரசர் குற்றச்சாட்டை முற்றாக மறுத்தார். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழன்றி, நீதியரசர்களுக்கான உள்ளக நடைமுறையின் கீழ் மூன்று நீதியரசர் கொண்ட குழு அமைந்தது. முறைப்பாட்டாளர் மூன்று நாட்கள் அதன்முன் தோன்றினார். சட்டத்தரணியைத் துணைக்கு வைத்திருக்க இசைவில்லை, விசாரணை ஒலிப்பதிவோ ஒளிப்பதிவோ செய்யப்படவில்லை என்று காரணங்கூறி ஏப்ரில் 30ஆம் நாள் வெளியேறினார். மே 6ஆம் நாள், குற்றச்சாட்டில் சாரமில்லை எனக் குழு கண்டதாக ஓர் அறிவித்தல் மட்டும் வெளிவந்தது. அறிக்கை பகிரங்கப்படுத்தப்படமாட்டாது என்றும் கூறப்பட்டது. முறைப்பாட்டாளர் பிரதி கேட்டார், கிடைக்கவில்லை. 2020 சனவரியில் அதே பெண் மீண்டும் பணியில் அமர்த்தப்பட்டார்.

அந்த நீதியரசர் குற்றமுள்ளவர் என்று நாம் கூறவில்லை. குற்றமற்றவர் என்றும் எம்மாற் கூறவியலாது. அதுதான் எமது வாதமே! எந்தச் சான்று பார்க்கப்பட்டது, எது ஏற்கப்பட்டது, எது ஏன் தள்ளப்பட்டது என்று எவரும் படித்தறிய வழியில்லை. ஆதலால் அப்பெண்ணுக்கும் நீதி கிடைத்ததென்று சொல்ல முடியவில்லை; அந்த நீதியரசரின் பெயரும் ஐயமறத் துலங்கியதென்று சொல்ல முடியவில்லை. மறைத்து வைத்த அறிக்கை இருவரையுமே கைவிட்டது.

இனி எமது வீட்டைப் பார்ப்போம். இலங்கையிலே 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம், தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவைத் திருத்திப் பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கியது. வேலைத்தலத்திலோ வேறிடத்திலோ அதிகாரமுள்ள ஒருவர் சொல்லாலோ செயலாலோ விரும்பப்படாத பாலியல் நெருக்கத்தை நாடுவதும் அக்குற்றமே என்று அது விளக்குகின்றது. ஐந்தாண்டு வரை சிறை விதிக்கலாம். குற்றம் எதுவென்று அச்சட்டம் சொல்லிற்று. ஆயின் ஒரு காரியாலயம் தன்னகத்தே முறைப்பாட்டை எங்ஙனம் விசாரித்து எங்ஙனம் எழுதவேண்டும் என்பதை அத்திருத்தம் சொல்லவில்லை. அரச சேவைக்குத் தாபனக் கோவையின் 48ஆம் அத்தியாயம் உண்டு. கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கம்பெனிகளுக்கும் தத்தம் ஒழுக்காற்று விதிகள் உண்டு. பெயர்கள் வேறுபடினும் படிகள் இரண்டே. முதலாவது, நடந்ததென்ன என்று அறியும் பூர்வாங்க விசாரணை. இரண்டாவது, குற்றப்பத்திரிகை கொடுத்து, எதிராளி தம்மைக் காத்துக்கொள்ள வாய்ப்பளித்து நடத்தும் ஒழுக்காற்று விசாரணை. முதற்படியில் எழுதப்படும் அறிக்கை கோணினால் இரண்டாம் படி எழவே எழாது. நழுவல் நடப்பது அங்கேதான்.

செவ்வனே எழுதிய அறிக்கை எப்படி இருக்கும்? விளக்கத்துக்காக நாமே ஒரு நிகழ்ச்சியைப் புனைந்து கொள்கின்றோம். எந்தச் சங்கத்தையும் எவரையும் இது சுட்டாது. வன்னியிலே ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நெற்களஞ்சியம். அங்கே தகுதிகாண் காலத்திலுள்ள இலிகிதர் ஒருவர், ஓர் இளம்பெண். களஞ்சிய முகாமையாளர் மீது அவர் முறைப்பாடு செய்கின்றார். இயக்குநர் சபை மூவரை நியமிக்கின்றது. அவருள் ஒருவர் பெண், ஒருவர் சங்கத்துக்கு வெளியார், எவரும் முகாமையாளருக்குக் கீழ்ப்பட்டவரோ உறவினரோ அல்லர்.

முதலிலே முறைப்பாடு. நழுவல் அறிக்கை ‘முகாமையாளர் தகாத முறையில் நடந்துகொண்டதாக முறைப்பாடு’ என்று எழுதும். ‘தகாத முறை’ என்பது புகை. புகைக்கு எதிராளி எங்ஙனம் விடை கூறுவார்? செவ்விய அறிக்கை அதனை எண்ணிட்ட கூற்றுகளாகப் பிரிக்கின்றது. ஒன்று, இரண்டு வாரங்களில் இரவு வேளையில் வேலைக்குத் தொடர்பற்ற செய்திகள் ஒன்பதைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பினார். இரண்டு, ஒரு வியாழன் மாலை இருப்புப் பார்ப்பதென்று கூறி நிறுத்தி, களஞ்சியத்துள்ளே கையைப் பற்றி இழுத்தார். மூன்று, இணங்காமையால் கணக்கு மேசையிலிருந்து நீக்கி நிறுவை முற்றத்துக்கு மாற்றினார். நான்கு, லொறிச் சாரதிகளிடம் தம்மைப் பற்றி இழிவாகப் பேசினார். ஒவ்வொன்றுக்கும் நாள், நேரம், இடம் உண்டு. சொன்ன சொற்கள் சொன்னபடியே எழுதப்பட்டுள்ளன. வாக்குமூலம் அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டு, பக்கந்தோறும் ஒப்பம் பெறப்பட்டுள்ளது. எதிராளிக்கும் அதே முறைதான், அதே அவகாசந்தான்.

அடுத்து, சான்றும் முடிவும். இங்கே ஓர் அளவைச் சட்டத்தை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும். சிறைக்கு அனுப்பும் குற்றவியல் நீதிமன்றம், நியாயமான ஐயத்துக்கு அப்பால் நிரூபணம் கேட்கும். உள்ளக விசாரணைக்கு அது வேண்டியதில்லை. நடந்தது என்பது நடக்கவில்லை என்பதிலும் பார்க்க நம்பத்தக்கதா என்பதே கேள்வி. ‘நேரிற் கண்ட சாட்சி இல்லை’ என்ற ஒரே வரியோடு கோப்பை மூடுவோர், பொருந்தாத தராசை எடுத்து வந்து நிறுப்பவர்கள். இத்தகைய செயல்கள் சந்தை நடுவே நடப்பதில்லை. ஆளில்லாத வேளை பார்த்தே நடக்கின்றன.

முதற் கூற்று: செய்திகள். குழு படப்பிரதியை மட்டும் பார்க்கவில்லை. முறைப்பாட்டாளரின் தொலைபேசியையே திறந்து பார்த்து, ஒவ்வொரு செய்தியின் நாளையும் மணியையும் குறித்துக் கொண்டது. ஒன்பதில் ஏழு, இரவு ஒன்பது மணிக்கும் நள்ளிரவுக்கும் இடைப்பட்டவை. ஒன்றேனும் நெல்லைப் பற்றியதன்று. வேலை விடயமாயின் காலையிற் பேசலாம் ஐயா என்று அவர் இருமுறை விடையிறுத்துள்ளார். முகாமையாளரின் தொலைபேசியில் அச்செய்திகள் அழிக்கப்பட்டிருந்தன. எனினும் அனுப்பியது தாமே என்றும், பகிடிக்கு எழுதியதென்றும் அவர் ஏற்றுக்கொண்டார். இருமுறை தடுத்த பின்னும் தொடர்ந்தமையால் அவை விரும்பப்படாதவை என்பதை அவர் அறிந்தேயிருந்தார். முடிவு: நிறுவப்பட்டது.

இரண்டாங் கூற்று: களஞ்சியத்து மாலை. கண்டவர் இல்லை. தாம் ஐந்து மணிக்கே வீடு சென்றதாக முகாமையாளர் கூறினார். வாயிற் பதிவேட்டில் அவருடைய மோட்டார் சைக்கிள் 6.35க்கு வெளியேறியதாகப் பதிவு உள்ளது. இருப்புப் பார்க்கவே நிறுத்தப்பட்டதாக முறைப்பாட்டாளர் கூறுகின்றார். அன்றைய இருப்புப் பதிவேட்டிலோ எந்தப் பதிவும் இல்லை. அன்று மாலை அவர் அழுதவாறு தமக்கு நடந்ததைச் சொன்னதாகச் சக இலிகிதர் ஒருவர் சாட்சியமளித்தார். அவர் தொலைபேசியில் 6.52க்கு அழைப்பு வந்தமை பதிவாகியுள்ளது. கூச்சல் எதுவும் கேட்கவில்லை என்று காவலாளி கூறியதும் அறிக்கையிலே மறைக்கப்படாது எழுதப்பட்டுள்ளது. வாயிலுக்கும் களஞ்சியத்துக்கும் இடைத்தூரம் அறுபது யார் என்பதும், முறைப்பாட்டாளர் தாம் கூச்சலிட்டதாக எங்கும் கூறவில்லை என்பதும் அருகே எழுதப்பட்டுள்ளன.

இன்னொன்று. அவர் முறையிட்டது 19 நாட்களுக்குப் பின்பு. நழுவல் அறிக்கை இதைக் கண்டதும் துள்ளும். உடனே முறையிடாமையால் ஐயத்துக்கு இடமுண்டு என்று எழுதி ஓய்ந்துவிடும். செவ்விய அறிக்கையோ, ஏன் தாமதித்தீர் என்று கேட்டு, விடையை எழுதுகின்றது. பணியை நிரந்தரமாக்கும் கடிதத்துக்கு முகாமையாளரின் ஒப்பமே வேண்டியிருந்தது என்றார் அவர். குழு கோப்பைப் பார்த்தது, அது மெய். ஆகவே தாமதத்துக்குக் காரணம் உண்டு. முடிவு: முகாமையாளர் தாம் அங்கில்லை என்றது பதிவேட்டாற் பொய்த்தது, முறைப்பாட்டாளர் கூறியது மூன்று இடங்களில் பிற சான்றோடு பொருந்தியது. இருவர் கூற்றில் இவருடையதே நம்பத்தக்கது; நிறுவப்பட்டது.

மூன்றாங் கூற்று: இடமாற்றம். அந்த வியாழனுக்குப் பின் மூன்றாம் நாள் கட்டளை ஒப்பமிடப்பட்டது. நிறுவைப் பகுதியினர் ஆள் கேட்டனர் என்றார் முகாமையாளர். கேட்கவில்லை என்றார் பகுதிப் பொறுப்பாளர். கோப்பிலும் கோரிக்கை இல்லை. நிறுவப்பட்டது. நான்காங் கூற்று: சாரதிகள் இருவர் விசாரிக்கப்பட்டனர்; தாம் எதையும் கேட்கவில்லை என்றனர்; வேறு சான்றும் இல்லை. முடிவு: நிறுவப்படவில்லை.

இந்த நான்காம் முடிவிலேதான் நடுநிலையின் உயிர் இருக்கின்றது. மூன்றிலே தட்டு தாழ்ந்தது, நான்காவதில் தாழவில்லை, தாழவில்லை என்றே எழுதப்பட்டது. ஆயின் ‘நிறுவப்படவில்லை’ என்பது ஒன்று, ‘பொய்’ என்பது வேறொன்று. ஒன்று நிறுவப்படாமையால் ஏனைய மூன்றும் பொய்யென்பது அறிவுடைமையாகாது; நிறுவ முடியாமையால் முறையிட்டவளைத் தண்டிப்பதும் அறமாகாது. மேற்சொன்ன இந்தியச் சட்டமும், முறைப்பாட்டை நிறுவ முடியாமை ஒன்றையே காரணமாக்கி முறைப்பாட்டாளர் மீது நடவடிக்கை எடுத்தலாகாது என்று தடுத்திருக்கின்றது.

அறிக்கையில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். முறைப்பாட்டாளர் அடக்கமான பெண் என்று அதிலே ஒரு வரியில்லை. அவர் உடை, நடை, குடும்பம், திருமணம் பற்றியும் ஒரு வரியில்லை. முகாமையாளர் இருபதாண்டு சேவையாளர், கோயில் தருமகர்த்தா, நல்ல குடும்பத்தவர் என்றும் இல்லை. கயவர் என்றும் இல்லை. ஒரு வியாழன் மாலை 6.35க்கு ஒருவர் எங்கிருந்தார் என்பதைத் தருமகர்த்தாப் பதவி சொல்லாது. வாயிற் பதிவேடுதான் சொல்லும்.

ஈற்றில் விதந்துரை. முதன் மூன்று கூற்றுகளின் மீது குற்றப்பத்திரிகை கொடுத்து முறையான ஒழுக்காற்று விசாரணை நடத்துக. நான்காவதன் மீது வேண்டாம். அது முடியுமட்டும் முகாமையாளர் அக்களஞ்சியத்தில் அதிகாரஞ் செலுத்தாதிருக்கச் செய்க. இடமாற்றக் கட்டளையை நீக்கி, விரும்பின் முறைப்பாட்டாளரைப் பழைய மேசையிலே இருத்துக. அவர் பணி நிரந்தரமாகும் தீர்மானம் வேறோர் உத்தியோகத்தரின் கையில் இருக்கட்டும். சாட்சியளித்தோருக்கு எவ்விடையூறும் நேராமற் பார்க்க. 345ஆம் பிரிவின் கீழ்ப் பொலிசுக்குச் செல்லும் உரிமை அவருக்கு உண்டென அறிவிக்க. அறிக்கையின் பிரதியை இருவருக்கும் வழங்குக. ஒவ்வொரு விதந்துரையும் ஒரு முடிவிலிருந்து பிறக்கின்றது. ஒவ்வொரு முடிவும் ஒரு சான்றிலிருந்து பிறக்கின்றது. முகாமையாளரைப் பணிநீக்குக என்று அறிக்கை கூறவில்லை என்பதையும் நோக்குக. தண்டனை இரண்டாம் படியின் வேலை. ஆத்திரத்தால் முதற்படியிலேயே தண்டனையை எழுதிவிட்டால், எதிராளிக்கு வாய்ப்பளிக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் அவ்வளவும் மேன்முறையீட்டிற் சரிந்து விழலாம்.

இந்த அறிக்கையிலே ஒரு சூடான சொல்லும் இல்லை. எனினும் அது எவரையும் தப்பவிடவில்லை. இதுவே நடுநிலை.

இங்கு மொழியைப் பற்றியும் சொல்லாது விடுவது எமக்கு அழகன்று. தமிழ்ப் பெண்ணொருத்தி தமிழிலே சொன்னதை வேறொரு மொழியிலே எழுதி, வாசித்தறிய முடியாத தாளிலே ஒப்பம் வாங்குவது வாக்குமூலமாகாது. ‘கையைப் பிடித்து இழுத்தார்’ என்று அவள் சொன்னது, எழுதுவோர் கையிலே ‘தொட்டார்’ என்று மெலியும். ‘ஓடி வந்தேன்’ என்றது ‘வெளியேறினார்’ என்று தேயும். 1956இலே சிங்களம் மட்டும் என்றனர்; எத்தனையோ போராட்டங்களின் பின்னரே 1987இன் 13ஆம் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழி என்றாயிற்று; அரச அலுவலரோடு தமிழிலே தொடர்பு கொள்ளும் உரிமையை 1988இன் 16ஆம் திருத்தம் வகுத்தது. அவ்வுரிமையை விசாரணை அறையிலே கேட்டுப் பெறாவிட்டால் வேறெங்கே கேட்பது? கொழும்பு மேலிடத்தை மட்டும் நாம் கடியவில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் காரியாலயங்களிலே, தமிழ் முகாமையாளர் தமிழ் இலிகிதரை விசாரித்து ஆங்கிலத்திலே அறிக்கை எழுதி, பிரதியும் தராது விடுவது யார் செய்த சட்டத்தால்?

எம்மவரிலே ஒரு சாரார் இதழைக் கடிப்பர். எதிரி பார்த்துச் சிரிக்க நம் வீட்டு அழுக்கை நாமே வெளியிடுவதா, இன விடுதலையைப் பேசும் இதழுக்கு இது தகுமா என்பர். அவர்களுக்கு எமது விடை இது: கொழும்பிடம் நாம் ஆண்டாண்டாகக் கேட்டு வருவதென்ன? விசாரணைக் குழுக்களை அமைக்கின்றீர்கள், அறிக்கைகளை ஏன் மறைக்கின்றீர்கள் என்பதன்றோ? சாட்சியை ஏன் அச்சுறுத்துகின்றீர்கள், குற்றஞ்சாட்டப்பட்டவனையே அதிகாரத்தில் வைத்துக்கொண்டு விசாரணை என்பதென்ன கூத்து என்பதன்றோ? அதே கூத்தை எங்கள் சங்கத்திலும் பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் நாமே ஆடிக்கொண்டு, எந்த முகத்தோடு அதைக் கேட்பது?

பொய் முறைப்பாடு வந்து நல்லவர் ஒருவர் கெட்டால் என்ன செய்வதென்பர் இன்னொரு சாரார். அந்த நல்லவரைக் காப்பதும் இதே அறிக்கைதான். அவர் உண்மையாகவே ஐந்து மணிக்கு வீடு சென்றிருந்தால் வாயிற் பதிவேடு அவர் பக்கம் பேசியிருக்கும். இணக்கமாகப் பணியாற்றுக என்று முடியும் நழுவல் அறிக்கையோ அவரை விடுவிக்கவில்லை. ஊர் வாய்க்கு அவலாக வாழ்நாள் முழுதும் விட்டுவைக்கின்றது.

ஆதலால் சங்கங்களின் இயக்குநர் சபைகளிலே அமர்ந்திருக்கும் கமக்காரப் பெருமக்களையும், விசாரணைக் குழுக்களுக்கு அழைக்கப்படும் ஆசிரியர், வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணிகளையும் நாம் வேண்டுவது ஒன்றே. உங்கள் முன் ஓர் அறிக்கை ஒப்பத்துக்கு வைக்கப்பட்டால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். முறைப்பாடு நாளோடும் நேரத்தோடும் எண்ணிடப்பட்டுள்ளதா? சாட்சியர் சொன்னது சொன்னபடி உள்ளதா? சான்றுக்குப் பதிலாக எவருடைய குணநலமேனும் பேசப்பட்டுள்ளதா? விதந்துரை முடிவிலிருந்து பிறக்கின்றதா, அன்றி முடிவே இல்லாது முறைப்பாட்டாளர் மட்டும் மூட்டை கட்டுகின்றாரா? இவற்றுள் ஒன்றுக்கேனும் விடை பிழைத்தால் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வையுங்கள். ஒப்பமிடாத அந்த ஒரு கை, பூட்டிய அலுமாரியைத் திறக்கும் முதற் சாவி ஆகும்.